வெள்ளைப் பலகைப் படத்திலிருந்து கூட்டக் குறிப்பு

பாம்பனில் கடல்பாசி வளர்ப்புப் பயிற்சி முடிந்ததும், பலகையை அழிக்கும் முன் சற்றுப் பக்கவாட்டில் நின்று படம் எடுத்தேன். நேராக எடுத்தால் விளக்கொளி பட்டு எழுத்து மறைந்துவிடும். முழுப் பலகை ஒன்று, அப்புறம் நான்கு பகுதிகளும் தனித்தனியே.

குறிப்பு எழுதும்போது முதலில், பலகையில் எழுதியிருப்பதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள், திருத்த வேண்டாம். பிறகுதான் முடிவு, பொறுப்பாளர், தேதி என்று பிரியுங்கள். “தெப்பம் 10 → வெள்ளி” என்றொரு வரி இருந்தது. பத்துத் தெப்பம் கட்டுவதா, பத்தாம் தெப்பத்தில் அறுவடையா? யார் பொறுப்பு? அம்புக்குறி அதைச் சொல்லாது. இப்படிப்பட்ட வரியை ஊகித்து முடிவில் சேர்க்காமல், ‘கேட்க வேண்டியவை’ என்று தனியே வைத்து, எழுதிய அக்காவிடம் அன்று மாலையே கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் போனால் அவருக்கே நினைவிருக்காது.