மேட்ச் முடிந்ததும் வீரர் பேசியதை மேற்கோளாக எழுதுவது எப்படி?

தோற்ற அணியின் பேட்ஸ்மேன் ஒருவர், பிட்ச் மோசமாக இருந்ததுதான் காரணமா என்ற கேள்விக்கு இப்படிப் பதில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"இல்ல, அது வந்து... பிட்ச் மோசம்... மோசம்னு சொல்ல மாட்டேன் சார். செகண்ட் இன்னிங்ஸ்ல கொஞ்சம் ஸ்லோ ஆச்சு, பாத்தீங்கன்னா. ஆனா நாங்க, இல்ல, நான் அந்த 16-வது ஓவர்ல அவர அடிக்கப் போயிருக்க வேணாம்னு நினைக்கிறேன். அவர் நல்லா போட்டாரு."

முதலில் ஒலிப்பதிவைக் கேட்டு, திக்கல் திணறல் உட்பட எல்லாவற்றையும் அப்படியே தட்டச்சு செய்யுங்கள். கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பிரதியில் கை வைக்காமல், நகல் எடுத்துத் திருத்துங்கள்.

அடுத்து, அசைச்சொற்களை வெட்டுங்கள். 'அது வந்து', 'பாத்தீங்கன்னா', 'சார்' மூன்றும் போகலாம். 'கொஞ்சம்', 'நினைக்கிறேன்' இரண்டும் பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் அவற்றைத் தொடாதீர்கள். வீரர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது அவற்றில்தான் இருக்கிறது. 'கொஞ்சம் ஸ்லோ' என்பதில் 'கொஞ்சம்' போனால், பிட்ச் மேல் அவர் வைக்காத பழியை நாம் வைத்துவிடுவோம்.

பேசும்போதே அவர் திருத்திக்கொண்ட இடங்களில் திருத்திய வடிவம்தான் அவருடைய கருத்து. 'பிட்ச் மோசம்' என்று தொடங்கிய துண்டைத் தலைப்பாக்கினால் அது பொய். 'நாங்க' என்று ஆரம்பித்து 'நான்' என்று மாற்றியதும் அப்படித்தான். தவறை அவர் தன் மேல் போட்டுக்கொள்கிறார், அணியின் மேல் அல்ல.

அப்புறம், 'அவர்' யார்? பந்துக்குப் பந்து ஸ்கோர் விவரத்தைத் திறந்து 16-வது ஓவரை வீசியவர் யாரென்று பாருங்கள். அவர் யார் என்பதை மேற்கோளுக்குள் திணிக்காமல் முந்தைய வாக்கியத்தில் உங்கள் சொற்களில் சொல்லுங்கள். ஓவர் எண் பொருந்தாவிட்டால் நீங்களாக மாற்றாமல், அணி மேலாளர் வழியாக வீரரிடமே கேளுங்கள்.

கடைசியாக, பேச்சுத் தமிழின் விகுதிகளை எழுத்துத் தமிழாக்கலாம். 'ஸ்லோ', 'பிட்ச்' போன்றவை அவர் வாயில் வந்த சொற்கள், இருக்கட்டும். 'போயிருக்க வேணாம்' என்பதைத் 'தவறு செய்துவிட்டேன்' என்று மாற்றினால் அது மேற்கோள் இல்லை, உங்கள் விளக்கம்.

அந்த ஓவரில் நம் பேட்ஸ்மேனை ஆட்டமிழக்கச் செய்தவர் ஓர் இடக்கை சுழற்பந்து வீச்சாளர் என்று வைத்துக்கொண்டால், இப்போது கிடைப்பது இது:

பிட்ச்தான் காரணமா என்ற கேள்விக்கு, இடக்கை சுழற்பந்து வீச்சாளரை அடிக்க முயன்று ஆட்டமிழந்த அவர் கூறியது: "இல்லை, பிட்ச் மோசம் என்று சொல்ல மாட்டேன். செகண்ட் இன்னிங்ஸில் கொஞ்சம் ஸ்லோ ஆனது. ஆனால் நான் அந்த 16-வது ஓவரில் அவரை அடிக்கப் போயிருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர் நன்றாகப் போட்டார்."

வாக்கியங்களின் வரிசை மாறவில்லை, கவனியுங்கள். அசைச்சொல்லும் அவரே திருத்திக்கொண்ட துண்டும் தவிர இடையில் வேறு எதையாவது விட்டால் மூன்று புள்ளி வையுங்கள். வேறொரு கேள்விக்குச் சொன்ன பதிலை இதோடு ஒட்டாதீர்கள். வெளியிடும் முன் ஒலிப்பதிவை ஓடவிட்டபடி மேற்கோளை ஒருமுறை வாசியுங்கள். காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவது கடுமையாகத் தெரிந்தால், எங்கோ ஒரு 'கொஞ்சம்' விழுந்துபோயிருக்கும்.