நண்டு பெருசா இருக்குன்னு வாங்காதீங்க: இறால், நண்டு, கணவாய் எடுக்கறப்ப பண்ற தப்புங்க

மீன் நல்லா பாத்து வாங்கறவங்ககூட நண்டு, இறால், கணவாய்னு வந்தா தடுமாறுறாங்க. மீன்னா செவுளத் தூக்கிப் பாத்துடலாம், இதுங்களுக்கு அந்த வழி கெடையாது. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பழையாறுன்னு எங்க போனாலும் புதுசா வாங்க வர்றவங்க நான் ஆரம்பத்துல பண்ணின அதே தப்புகளத்தான் பண்ணிட்டு நிக்கறாங்க, அதனாலதான் இத எழுதறேன். நாத்தம் அடிச்சா வாங்காதீங்க, ஐஸ் இல்லாம வெயில்ல கெடந்தா வாங்காதீங்கங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அத விட்டுடறேன்.

பெரிய நண்டா பாத்து எடுக்கறது

இந்தத் தப்புதான் எனக்கு இன்னிக்கும் ஆத்திரத்த கெளப்பும், ஏன்னா இதுல போற காசு கொஞ்சநஞ்சம் இல்ல.

கும்பகோணத்துல இருக்கற என் சித்தி மகன், பொண்டாட்டி வீட்டுக்காரங்க விருந்துக்கு வர்றாங்கன்னு சேத்து நண்டு ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தான். எல்லாம் உயிரோட, கொடுக்கக் கட்டி வெச்சது, ஒவ்வொண்ணும் உள்ளங்கைய விடப் பெருசு, ஓடு புதுசா பளபளன்னு இருந்துச்சு. பாத்தவொடனே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு, ஆனா வாங்கிட்டு வந்தவன்கிட்ட என்ன சொல்றது. மேல் ஓட்டப் பிரிச்சதும் சட்டில தண்ணியா கொட்டுச்சு. கொடுக்க ஒடச்சுப் பாத்தா சதை ஓட்டுல படாம நடுவுல நூலாட்டம் சுருங்கிக் கெடக்கு, மிச்ச எடம் பூரா வெறும் தண்ணி. அரைச்சு விட்ட மசாலாவெல்லாம் அந்தத் தண்ணில நீத்துப்போயி, குழம்பு கெட்டியாகறதுக்குள்ள இருந்த கொஞ்ச சதையும் கரைஞ்சு போச்சு. வந்தவங்க ஓட்டத்தான் கடிச்சுப் பாத்தாங்க. அவன் "உயிரோடதானே அண்ணே வாங்கினேன்"னு திரும்பத் திரும்ப கேக்கறான். அவன் கேக்கறதுலயும் தப்பு இல்ல, உயிரோட இருந்தா நல்ல நண்டுன்னுதான் எல்லாரும் சொல்லிக் குடுக்கறாங்க.

விஷயம் என்னன்னா, நண்டு வளரணும்னா பழைய ஓட்டக் கழட்டிப் போட்டாத்தான் முடியும். கழட்டினதும் உள்ள இருக்கற புது ஓடு மெத்துமெத்துன்னு இருக்கும், அப்ப அது தண்ணிய உறிஞ்சி ஒடம்ப ஊதவெச்சுக்கும், அந்த ஊதின அளவுக்கே ஓடு இறுகிடும். ஓடு இறுகறதுக்குச் சில நாள் போதும், ஆனா உள்ள சதை நெறையறதுக்கு வாரக்கணக்கா ஆகும். இந்த இடைப்பட்ட காலத்துல மாட்டறதுதான் தண்ணி நண்டு. உயிரோட இருக்கும், நல்லா வேகமா நகரும், நாத்தமும் அடிக்காது, நீங்க ஃப்ரெஷ்ஷான்னு என்ன டெஸ்ட் வெச்சாலும் பாஸாயிடும். சதை மட்டும் இருக்காது.

வியாபாரிங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஏத்துமதிக்கு எடுக்கறவங்க தண்ணி நண்டத் தனியா கழிச்சுடுவாங்க. நண்டு வளக்கறவங்க அத மலிவா வாங்கி மூணு நாலு வாரம் குளத்துல விட்டு, கழிவு மீனப் போட்டுத் தேத்தி, சதை வெச்சதும் நல்ல வெலைக்கு விப்பாங்க. அப்படித் தேத்தி விக்க வேண்டிய நண்டத்தான் நம்ம ஆளுங்க முழு வெலை குடுத்து நேரா குழம்புச் சட்டிக்குக் கொண்டு வர்றாங்க.

கண்டுபிடிக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. கொடுக்கு நல்லா கட்டியிருக்கான்னு பாத்துட்டு நண்டப் புரட்டுங்க. வயித்துல மடிஞ்ச மூடி மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அதுக்கு ரெண்டு பக்கமும், கொடுக்குக்கு அடுத்த மொத கால் ஒடம்போட சேர்ற எடத்துக்கிட்ட கட்டைவிரலால நல்லா அழுத்துங்க. கல்லு மாதிரி நின்னா எடுங்க, உள்ள அமுங்கி மறுபடி எழுந்திரிச்சா வெச்சுடுங்க. அடுத்து அடிப்பக்க நெறத்தப் பாருங்க. வெள்ளைவெளேர்னு கறையே இல்லாம, கொடுக்கு முனைப் பல்லெல்லாம் கூரா புதுசா இருந்தா அது இப்பத்தான் ஓடு மாத்தியிருக்கு. பழுப்பேறி, கறை படிஞ்சு, பல்லு தேஞ்சு, மேல ரெண்டு சிப்பி ஒட்டியிருந்தாக்கூட அந்த நண்டுதான் நமக்கு வேணும். பாக்க அழகா இருக்காது, அதனாலதான் புதுசா வர்றவங்க அதத் தள்ளிட்டு பளபளப்பா இருக்கறத எடுக்கறாங்க. கடைசியா ஒரே அளவுல ரெண்டு நண்டக் கையில தூக்கிப் பாருங்க, கனமா இருக்கறத எடுங்க.

பௌர்ணமிக்கு நண்டுல சதை இருக்காது, அமாவாசைக்குத்தான் வாங்கணும்னு எங்க பக்கம் பெரியவங்க சொல்லுவாங்க. நான் அத நம்பி காசு குடுக்கறது இல்ல. ஒரே கூடைல கல்லு மாதிரி ஒண்ணும் அமுங்கறது ஒண்ணும் சேந்துதான் கெடக்கு, அழுத்திப் பாத்தாத்தான் தெரியும்.

காசுக் கணக்கும் போட்டுப் பாருங்க. நண்டு கிலோ 600 ரூபான்னு வெச்சுக்குவோம். நெறஞ்ச நண்டுல சுமாரா மூணுல ஒரு பங்கு சதை, அப்ப சதை கிலோ 1800 ரூபா ஆகுது. தண்ணி நண்டுல அதுல பாதி சதைதான் தேறுதுன்னா அதே சதை 3600 ரூபா. அதனால பெரிய தண்ணி நண்டு நூறு ரூபா கொறச்சுக் குடுத்தாலும் வேணாம், நடுத்தர அளவு கெட்டி நண்டு கூட ஒரு நூறு கேட்டாலும் வாங்குங்க. "அழுத்திப் பாத்துத்தான் எடுப்பேன் அக்கா"ன்னு மொதல்லயே சொல்லிடுங்க. நல்ல நண்டு வெச்சிருக்கறவங்க "பாத்துக்க தம்பி, எனக்கென்ன"ம்பாங்க, தொடாதேன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுங்க.

கயித்தோட எடை போட விடறது

தண்ணில ஊறின தடிக் கயிறு சுத்தியிருந்தா அத மாத்தி மெல்லிசா கட்டித் தரச் சொல்லிட்டு அப்புறம் எடை போடுங்க.

கடல் நண்டும் உயிரோடதான் வேணும்னு நிக்கறது

நீலக்கால் நண்டு, முக்கண்ணு நண்டு இதெல்லாம் வலையில இருந்து எடுத்த கொஞ்ச நேரத்துலயே செத்துடும், சந்தைக்கு ஐஸ்ல செத்துத்தான் வரும், அது சகஜம். சேத்து நண்டு ஈரமா வெச்சிருந்தா நாள்கணக்குல உயிரோட கெடக்கும், அது செத்திருந்தா எப்ப செத்துச்சுன்னு தெரியாது, தொடாதீங்க. கடல் நண்டப் பொறுத்தவரை ஓட்டப் புடிச்சுத் தூக்குங்க. காலெல்லாம் துவண்டு தொங்குனாலோ, லேசா ஆட்டினதும் கால் கழண்டு விழுந்தாலோ நேத்திக்கி முந்தின நாள் சரக்கு. வயித்து மூடியத் தூக்கி மோந்து பாருங்க, கடல் வாசன வரணும், மூக்குல ஏறுற அமோனியா நெடி வந்தா வெச்சுடுங்க. அழுத்திப் பாக்கற வேலை இதுக்கும் உண்டு, இதுலயும் தண்ணி நண்டு வரும்.

தலை கருக்காத இறால்னா ஃப்ரெஷ்ஷுன்னு நம்பறது

இறால் தலை கருக்கறது அதோட ஒடம்புல இருக்கற என்சைம் காத்துப் பட்டு வேலை செய்யறதாலதான். அப்படிக் கருக்காம இருக்க மெட்டாபைசல்பைட்னு ஒரு பொடி கலந்த தண்ணில முக்கி எடுக்கற பழக்கம் தொழில்ல இருக்கு. அதனால தலை சுத்தமா இருக்கறத மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. தலையும் ஒடம்பும் சேர்ற எடத்தப் பாருங்க. செரிமான உறுப்பு தலைலதான் இருக்கு, செத்ததுக்கப்புறம் மொதல்ல கரையறது அதுதான், அதனால பழைய இறால்ல அந்த எடம் வாயப் பொளந்து தலை ஆடிக்கிட்டு நிக்கும், இழுத்தா மஞ்சளா ஒழுகும். நல்ல இறால்ல தலை இறுக்கமா ஒட்டியிருக்கும், ஓடு சதையோட சேந்து நிக்கும், தடவினா வழவழன்னு கையில ஒட்டாது. பச்சை இறால் அங்கங்க வேகவெச்ச மாதிரி சிவந்திருந்தா ஐஸ் இல்லாம சூட்டுல கெடந்திருக்கு.

உரிச்ச இறால்

வேணாம். தலையும் ஓடும் இல்லேன்னா மேல சொன்ன எதையும் பாக்க முடியாது, எவ்ளோ தண்ணில ஊறியிருக்குன்னும் தெரியாது.

கணவாய வெள்ளையா இருக்குன்னு எடுக்கறது

புதுக் கணவாய்ல மேல் தோல் கிழியாம, செம்பழுப்புப் புள்ளிங்க தனித்தனியா தெரியும், அடில சதை லேசா கண்ணாடி மாதிரி இருக்கும். நாளாக ஆக அந்த நெறம் சதைல எறங்கி ரோஸா ஆகும், தோல் பிஞ்சு வரும். தோல உரிச்சு வட்டமா வெட்டி வெள்ளையா குவிச்சு வெச்சிருக்கறதுல இது ஒண்ணுமே தெரியாது, அதோட கணவாய் தண்ணிய நல்லா இழுத்துக்கும், எடைலயும் அடி. முழுசா வாங்கி எடை போட்டதுக்கு அப்புறம் சுத்தம் பண்ணித் தரச் சொல்லுங்க.

தடைக்காலத்துல அதே ரகத்த எதிர்பாக்கறது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்ப சின்னப் படகு சரக்கு கொஞ்சம்தான் வரும், பழைய ஐஸ் சரக்கும் நடுவுல கலந்து நிக்கும், எல்லா சோதனையும் ரெண்டு மடங்கு கவனமா பண்ணுங்க.

ஆளுக்கு இவ்ளோன்னு கறி கணக்குல வாங்கறது

ஆட்டுக்கறி வாங்கற மாதிரி ஆறு பேருக்கு ஒரு கிலோன்னு நண்டு வாங்கினா பாதிப் பேரு பட்டினி. நாலு பெரியவங்க, ரெண்டு பசங்க, நண்டுக் குழம்புதான் முக்கியம், பக்கத்துல இறால் தொக்குன்னா நான் இப்படித்தான் எடுப்பேன்: ஒவ்வொண்ணும் 150 கிராம், 200 கிராம் இருக்கற கடல் நண்டு பெரியவங்களுக்கு ரெண்டு, பசங்களுக்கு ஒண்ணு, மொத்தம் பத்து. அது ஒண்ணேமுக்கால் கிலோ கிட்ட வரும், அதுல சதை அரைக் கிலோ சொச்சம்தான். இறால் ஒரு கிலோ முழுசா வாங்கி உரிச்சா ஏறக்குறைய பாதிதான் நிக்கும், வதக்கினா இன்னும் சுருங்கும், அதனால தொக்கு பக்கத்துக்கு மட்டும்னா முக்கால் கிலோ, அதுவே முக்கியக் கறின்னா ஒண்ணரைக் கிலோ எடுக்கணும். கணவாய்ல சுத்தம் பண்ணினா மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் தேறும், ஆறு பேருக்கு வறுவலுக்கு ஒரு கிலோ தாராளம்.

நண்டு மட்டும் மறுநாளைக்கும் சேத்து வாங்காதீங்க, அன்னிக்கே சமைங்க. இறால நாகையிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் கொண்டு போறதா இருந்தா கவருக்குள்ள கட்டி அதுக்கு மேலயும் கீழயும் ஐஸ் வைங்க, உருகின ஐஸ் தண்ணில இறால் மெதந்துட்டு வரக்கூடாது, ருசி பூரா அதுல எறங்கிடும். கடைல உரிச்சுத் தரச் சொன்னா தலையையும் ஓட்டையும் தனியா கேட்டு வாங்கிக்குங்க, அத வதக்கிக் கொதிக்கவெச்ச தண்ணியத் தொக்குல ஊத்தினா வேற எதுவும் சேக்க வேண்டியதில்ல.