ஆறு வருஷம் ஐந்து வரியில், கால் மணி நேரம் ஒரு பக்கத்தில்: நாவலில் காலத்தை ஓட்டுவதும் நிறுத்துவதும்

முதல் நாவல் எழுதுகிற நண்பர்கள் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பும் அத்தியாயங்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை ஒன்றுதான். நின்று பார்க்க வேண்டிய இடத்தில் கதை ஓடிவிடுகிறது, ஓட வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மொழி நன்றாக இருக்கும், பேச்சு நன்றாக இருக்கும், ஆனாலும் பத்தாவது பக்கத்தில் கை தானாகத் தாளைத் தள்ளிப் பார்க்கும். இதைச் சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது. நான் எழுதிய ஒரு பகுதியை வைத்தே காட்டுகிறேன்.

கதை இதுதான். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மா தன் தாலிச் சங்கிலியை அடகு வைக்கிறாள். ஆறு வருஷம் கழித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தோடு மகன் அதை மீட்கப் போகிறான்.

படி 1: இரண்டு கடிகாரத்தையும் பாருங்கள்

கதைக்குள் ஓடும் நேரம் ஒன்று, அதைப் படிக்க வாசகனுக்கு ஆகும் நேரம் இன்னொன்று. இரண்டாவதை வார்த்தைக் கணக்கில் அளந்தால் போதும். உங்கள் அத்தியாயத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் பென்சிலால் இரண்டு எண் எழுதுங்கள்: கதையில் எவ்வளவு நேரம் போகிறது, எத்தனை வார்த்தை செலவாகியிருக்கிறது.

என் முதல் வரைவில் 600 வார்த்தை இருந்தது. அம்மாவும் மகனும் டவுனுக்குப் போகும் 45 நிமிஷ பஸ் பயணத்துக்கு 220, அடகுக் கடையில் கழிந்த கால் மணி நேரத்துக்கு 50, அதற்கப்புறமான ஆறு வருஷத்துக்கு 330. பஸ்ஸில் ஜன்னலோரம், வயல், கண்டக்டர், சில்லறை எல்லாம் இருந்தது. கடையில் "சங்கிலியை வைத்துவிட்டுக் கனத்த மனத்தோடு திரும்பினார்கள்" என்ற அளவில்தான் இருந்தது. எண்களை எழுதிப் பார்க்கும் வரை இது என் கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் பஸ் பயணத்தை எழுதுவது எனக்குச் சுகமாக இருந்தது. எழுத எளிதான இடத்தில் வார்த்தை தானாகப் பெருகும். கஷ்டமான இடத்தை நாம் ஒரே வரியில் தாண்டிவிடுவோம். எண்கள் முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான்.

படி 2: எது காட்சி என்று முடிவு செய்யுங்கள்

காலத்தை நடத்த மூன்று வழி. நடப்பதை நடக்கும் வேகத்திலேயே பேச்சோடும் அசைவோடும் காட்டினால் அது காட்சி. பல நாளை, பல வருஷத்தைச் சில வரியில் சொன்னால் சுருக்கம். ஒரு காலத்தைச் சொல்லாமலே விட்டுவிட்டு அடுத்த கரையில் இறங்கினால் தாவல். ஜெரார் ஜெனெத் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1972-இல் இதை ஒழுங்குபடுத்தி எழுதினார். கதைக் காலம் அப்படியே நிற்க, வருணனை மட்டும் நீளும் நிறுத்தத்தையும் சேர்த்து நான்கு என்பது அவர் கணக்கு. நமக்கு இப்போதைக்கு மூன்று போதும்.

எதைக் காட்சியாக்குவது? நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: இந்த இடத்தில் யாராவது திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்கிறார்களா, சொல்கிறார்களா? பஸ்ஸில் அப்படி எதுவும் இல்லை, அவர்கள் நினைத்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். கடையில் அம்மாவின் கையிலிருந்து சங்கிலி போகிறது. ஆக, கடை காட்சி, பஸ் சுருக்கம். அழுகை வருகிற இடமெல்லாம் காட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அழுகை பெரும்பாலும் நடந்து முடிந்ததற்கு அப்புறம் வருவது.

படி 3: காட்சியை மெதுவாக்குங்கள்

மெதுவாக்குவது என்றால் வருணனையைக் கூட்டுவது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் காட்சி நிறுத்தமாகிவிடும், நாற்காலி, சுவர், காலண்டர் என்று கண் சுற்றிக்கொண்டிருக்க ஆட்கள் அப்படியே உறைந்து நிற்பார்கள். மெதுவாக்க நம் தமிழிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது. வினையெச்சங்களைக் கோத்து எழுதினால் காலம் ஓடும்:

"அம்மா முடிச்சை அவிழ்த்து, சங்கிலியை எடுத்துக் கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்."

நாலைந்து செயலையும் கடைசி வினைமுற்று ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இதையே உடைத்து, ஒவ்வொன்றையும் வினைமுற்றில் நிறுத்துங்கள்:

"அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். கடைக்காரர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்தார். கல்லில் மெல்லிய மஞ்சள் கோடு விழுந்தது. தராசில் வைத்தார்.

'இருபத்துநாலு கிராம். மூணு பவுன்தாம்மா.'

'கொக்கி மாத்தினதுங்க. அதையும் சேர்த்தா?'

'சேர்த்துத்தான்.'

அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. அங்கே காலையில் கட்டிய மஞ்சள் கயிறு இருந்தது. தராசு நின்ற பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்."

கொக்கியைப் பற்றிய அந்தக் கேள்வியால் பணம் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. ஆனால் அது வந்ததும் வாசகன் அங்கே நின்றுவிடுகிறான். காட்சியில் பேச்சு வேண்டும், கைகளுக்கு வேலை வேண்டும். "கனத்த மனம்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன், கை கழுத்துக்குப் போனதே போதும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, சத்தமாகப் படியுங்கள். பேச்சும் அசைவும் உண்மையில் நடக்க ஆகும் நேரமும் நீங்கள் படிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் அது காட்சிதான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், காட்சிக்குள்ளும் எல்லாவற்றையும் காட்ட வேண்டியதில்லை. கடைக்காரர் ரசீது எழுதிய ஐந்து நிமிஷத்தை நான் அப்படியே விட்டுவிட்டேன். "ரசீதை நீட்டினார்" என்று தொடங்கினால் வாசகன் நடுவிலுள்ளதை நிரப்பிக்கொள்வான்.

படி 4: சுருக்கத்தில் ஒரு பொருளாவது இருக்கட்டும்

சுருக்கம் மட்டமானது, எல்லாவற்றையும் காட்சியாகத்தான் எழுத வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஏற்கவில்லை. எல்லாமே காட்சியாக இருக்கும் நாவலில் முக்கியமானது எது என்று வாசகனுக்குத் தெரியாமல் போகும். சுருக்கம் கெட்டுப்போவது வேறு காரணத்தால். "அந்த ஆறு வருஷமும் அவர்கள் பல இன்னல்களைச் சந்தித்தார்கள்" என்று எழுதினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்த வருஷங்களைச் சுமக்க ஒரு பொருளையோ பழக்கத்தையோ தேடுங்கள். எனக்கு அந்த அடகு ரசீது கிடைத்தது:

"வருஷா வருஷம் ஆடி மாதம் அம்மா வட்டியை மட்டும் கட்டிவிட்டு வருவாள். புது ரசீதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைப்பாள். அவன் கேட்பான், 'கட்டியாச்சு' என்பாள். மூன்றாம் வருஷம் அவன் விடுதியிலிருந்து போனில் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, 'கட்டியாச்சுப்பா' என்றாள்."

இதில் வினைகளைக் கவனியுங்கள். வருவாள், வைப்பாள், கேட்பான், என்பாள். பழகிப்போனதைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம், பேச்சிலும் அப்படித்தான். அந்த வடிவத்தில் எத்தனை வருஷத்தை வேண்டுமானாலும் ஓட்டலாம். நடுவில் "கேட்டான்", "என்றாள்" என்று இறந்தகாலம் வந்ததும் ஒரு குறிப்பிட்ட நாள் தனியாகப் பிரிந்து நிற்கிறது. வாசகனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ தட்டுகிறது. "ஒரு நாள் திடீரென்று" என்ற அறிவிப்பே தேவைப்படவில்லை. அந்த வருஷம் அவள் வட்டி கட்டவில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, இரண்டு வடிவத்தையும் கவனமில்லாமல் கலப்பது. "தினமும் கடைக்குப் போவான், டீ குடித்தான், பேப்பர் படிப்பான்" என்று எழுதினால் எது ஒருமுறை நடந்தது, எது வழக்கம் என்று வாசகன் தடுமாறுவான்.

படி 5: தாவிவிட்டு, எங்கே இறங்குவது என்று பாருங்கள்

தாவலுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேரிடம் இருக்கிறது. 1869-இல் வெளிவந்த, 'உணர்வுகளின் கல்வி' என்று பொருள் தரும் தலைப்புள்ள நாவலில், 1851 டிசம்பரில் பாரிஸ் தெருவில் ஒருவன் கொல்லப்படுவதைக் கதாநாயகன் ஃபிரெதெரிக் பார்க்கிறான். கொன்றவனும் அவனுக்குப் பழக்கமான ஆள். அந்த முகத்தை அடையாளம் கண்டதோடு அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயத்தின் முதல் வாக்கியம், பிரெஞ்சில் இரண்டே சொல்: அவன் பயணம் போனான். கப்பல்களின் சோர்வு, கூடாரத்தில் குளிரோடு விடியும் காலைகள் என்று சில வரி. திரும்பி வந்தான். அப்புறம் 1867 மார்ச் கடைசி, ஒரு சாயங்காலம். பதினைந்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அந்த நாவலில் மிக அழகானது ஒரு வாக்கியமல்ல, அங்கே விடப்பட்ட அந்த வெற்றிடம்தான் என்று இன்னொரு பிரெஞ்சு நாவலாசிரியரான மார்செல் ப்ரூஸ்ட் 1920-இல் எழுதினார்.

எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது, அதன் பிறகு ஃப்ளோபேர் இறங்கும் இடம். பதினெட்டு வயதிலிருந்து அவன் நேசித்த பெண் அறைக்குள் வருகிறாள். பேசுகிறார்கள். அவள் தொப்பியைக் கழற்றும்போது விளக்கு வெளிச்சம் நரைத்த முடியில் விழுகிறது. அவன் நெஞ்சில் அடி விழுந்ததுபோல இருக்கிறது. எத்தனை வருஷம் போனது என்பது தேதியில் தெரியும், என்ன ஆனது என்பது அந்த முடியில்தான் தெரிகிறது.

அதனால் தாவி இறங்கும்போது இரண்டு வேண்டும். எப்போது என்பது முதல் வரியிலேயே வரட்டும், வாசகனைத் தேட விடாதீர்கள். அப்புறம், மாறிப்போன ஒரு பொருள். நான் இப்படி இறங்கினேன்:

"ஆறாவது வருஷம் தை மாதம் அவன் அதே படியில் ஏறினான். அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்த ரசீது மடிப்புகளில் நாலாகப் பிரிந்திருந்தது. நாலையும் மேஜையில் சேர்த்து வைத்தான். கடைக்காரர் தேதியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்."

அவனுக்குத் தெரியாததை வாசகனும் இங்கேதான் அறிகிறான், சங்கிலி எப்போதோ ஏலத்தில் போய்விட்டது. இந்தத் தாவல் நியாயமானது, ஏனென்றால் நாம் மகனின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம், அவனிடம் அம்மா சொல்லவில்லை. இதையே அம்மாவின் மனத்துக்குள் இருந்து எழுதியிருந்தால், அவளுக்குத் தெரிந்ததை மூன்று வருஷம் மறைத்துவிட்டுக் கடைசியில் எடுத்துக் காட்டுவதாக ஆகியிருக்கும், வாசகனுக்குக் கோபம் வந்திருக்கும். தாவுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்: நீங்கள் விட்டுவிட்டுப் போகும் விஷயம், யார் கண்ணால் கதை நடக்கிறதோ அவருக்குத் தெரியுமா?

படி 6: மறுபடியும் எண்ணுங்கள்

திருத்திய வரைவில் பஸ் பயணம் 15 வார்த்தை, ஒரே வாக்கியம். கடை 380. ஆறு வருஷச் சுருக்கம் 90. இறங்கிய பிறகு கடைக்காரர் ரசீதைப் படிக்கும் இடம் 100. மொத்தம் ஏறக்குறைய பழைய அளவுதான், வார்த்தைகள் இடம் மாறியிருக்கின்றன. பஸ்ஸிலிருந்து ஒன்றை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன்: டிக்கெட் வாங்கச் சில்லறை எடுக்கும்போது அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்க்காமல், மகனிடம் காசு கேட்கிறாள்.