யானைமுகன் கதையைச் சொல்வதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் மீனாட்சியம்மன் கோயிலில், அம்மன் சந்நிதியிலிருந்து சுவாமி சந்நிதிக்குச் செல்லும் வழியில், முக்குறுணி விநாயகரின் எதிரே சற்று நேரம் நின்றிருந்தேன். வழிகாட்டித் தொழிலுக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர், சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தம்முடன் வந்தவர்களிடம் "நான்கு கை என்பது நான்கு வேதம், எலி என்பது ஆணவம், சிவபெருமான் கோபத்தில் தலையை வெட்டிவிட்டு யானைத் தலையை வைத்தார்" என்று மூன்றே மூச்சில் சொல்லி முடித்து அடுத்த மண்டபத்துக்கு நடந்துவிட்டார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் நின்று அதே மூன்று வாக்கியங்களை அதே வேகத்தில் சொன்னவன் நான். பெயரைக் குழப்புவது, நூற்றாண்டை மாற்றிச் சொல்வது போன்ற பிழைகளை எவரும் ஒரு மாதத்தில் தாமே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கேட்பவர்கள் தலையாட்டிவிடுவதால் ஆண்டுக்கணக்கில் திருந்தாமல் நிற்கும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

கைகளை எண்ணிப் பொருள் சொல்லுதல்

நான்கு கை என்பதற்கு நான்கு வேதம் என்று பொருள் சொல்லிவிட்டு, மறுநாள் அதே குழுவைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துச் சென்றால் என்ன செய்வீர்கள்? அங்கே குடைவரைக்குள் இருக்கும் கற்பக விநாயகருக்கு இரண்டே கைகள். அங்குசமும் இல்லை, பாசமும் இல்லை. மதுரையிலேயே மூலவராக நிற்கும் மீனாட்சிக்கும் இரண்டு கைகள்தாம். எண்ணிக்கைக்குப் பொருள் கட்டினால், அடுத்த கோயிலிலேயே அந்தப் பொருள் அவிழ்ந்துவிடும்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்தக் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் காணும் நான்கு கைப் பிள்ளையாருக்குப் பின் கைகளில் அங்குசமும் பாசமும் இருக்கும். முன் கைகளில் ஒடிந்த கொம்பும் மோதகமும் இருக்கும். அங்குசம் யானையைக் குத்தி நடத்தும் கருவி, பாசம் யானையைக் கட்டும் கயிறு. யானையை அடக்க மனிதன் கையில் வைத்திருக்கும் இரண்டையும் யானைமுகத்தவரே ஏந்தியிருக்கிறார் என்பதை மட்டும் காட்டிவிட்டுச் சற்றுப் பேசாமல் நின்றால், அடக்கப்படுபவர் யார், அடக்குபவர் யார் என்ற கேள்வி பார்ப்பவர்களிடமிருந்தே வந்துவிடும். துதிக்கையையும் மறக்கக்கூடாது. "ஐந்து கரத்தனை" என்று பாடும்போது ஐந்தாவது கரமாக எண்ணப்படுவது அதுதான். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலைச் சைவர்கள் அந்த ஐந்து கரங்களோடு சேர்த்துச் சொல்வதும் அதனால்தான்.

பல கைகள் ஓர் அடையாளம் என்பதைவிடப் பல வேலைகள் என்பதே பல இடங்களில் பொருத்தமாக இருக்கும். திருப்பரங்குன்றத்தில் தொடங்கும் திருமுருகாற்றுப்படையில் முருகனின் பன்னிரு கைகளும் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன: ஒரு கை இடையில் ஊன்றியிருக்கிறது, ஒன்று அங்குசத்தைச் செலுத்துகிறது, ஒன்று மணியை ஒலிக்கிறது, ஒன்று மழையைப் பெய்விக்கிறது. மகிடனை அழிக்கப் புறப்பட்ட தேவிக்கு அத்தனை கைகள் இருப்பதற்கும் கதையிலேயே காரணம் இருக்கிறது. சிவன் சூலத்தையும், திருமால் சக்கரத்தையும், வருணன் சங்கையும், இந்திரன் வச்சிரத்தையும் கொடுத்தார்கள். கொடுத்தவற்றை ஏந்தக் கை வேண்டாமா?

எல்லாச் சிலைக்கும் ஒரே கதையைச் சொல்லுதல்

எனக்கு இன்றும் எரிச்சலைத் தரும் தவறு இதுதான். என்னிடம் காசையும் பிடுங்கிக்கொண்ட தவறும் இதுதான்.

தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஐந்து நாள்களுக்கு அழைத்துச் செல்லும் வேலை ஒரு பயண நிறுவனத்தின் மூலம் கிடைத்தது. முதல் நாள் காலையிலேயே முக்குறுணி விநாயகர் முன் நின்று, பார்வதி தன் உடல் அழுக்கைத் திரட்டிப் பிள்ளை செய்தது, வாயிலில் காவல் வைத்தது, சிவன் தலையைக் கொய்தது, வடக்கே தலை வைத்துப் படுத்திருந்த யானையின் தலையைக் கொண்டுவந்து பொருத்தியது ஆகிய அனைத்தையும் கைகளை வீசிச் சொன்னேன். அந்தக் குடும்பத்தின் மூத்த அம்மா, "இந்தக் கதையை எங்க படிச்சனீங்கள் தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், சம்பந்தர் வலிவலத்தில் பாடிய "பிடியதன் உருவுமை கொளமிகு கரியது" என்ற தேவாரத்தை அங்கேயே நின்று முழுவதும் பாடி முடித்தார். கந்தபுராணத்தை வீட்டிலும் கோயிலிலும் படித்துப் பொருள் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அன்று மாலையே வேறு வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொண்டார்கள். நான்கு நாள் கூலியும் போயிற்று, அந்த நிறுவனம் பிறகு என்னை அழைக்கவும் இல்லை.

அந்தப் பாடலில் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. உமை பிடியாகிய பெண் யானையின் உருவைக் கொள்ள, சிவன் கரியாகிய ஆண் யானையின் உருவைக் கொள்ள, அடியாரின் இடரைக் கடிய கணபதி வரும்படி அருளினான் என்பதே அதன் பொருள். கந்தபுராணமும் இதே வழியில் செல்கிறது. அங்கே பிரணவத்தை அம்மையும் அப்பனும் நோக்கியபோது களிறும் பிடியுமாகி, யானைமுகத்துடனேயே பிள்ளை தோன்றுகிறார். தமிழ்ச் சைவ மரபில் நிற்கும் ஒருவரிடம் தலை வெட்டிய கதையை மட்டும் சொன்னால், அவர் அறிந்த பிள்ளையாரை நீங்கள் அறியவில்லை என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

தலை கொய்த கதை பொய் என்று நான் சொல்லவில்லை. அது சிவபுராணத்தில் உள்ள கதை. பிரமவைவர்த்த புராணத்தில் வேறு கதை இருக்கிறது: சனியின் பார்வை பட்டுக் குழந்தையின் தலை போய்விட, திருமால் யானைத் தலையைக் கொண்டுவருகிறார். திலதர்ப்பணபுரியில் மனித முகத்துடன் அமர்ந்திருக்கும் ஆதி விநாயகர் முன் நின்றால், தலை மாறுவதற்கு முந்தைய உருவம் இது என்று சொல்லத் தலை கொய்த கதைதான் வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு புராணத்தின் பிறப்பையும் வேறொரு புராணத்தின் கொம்பையும் எலியையும் சேர்த்து ஒரே கதையாகத் தைக்கும்போதுதான் வருகிறது.

கொம்பையே எடுத்துக்கொள்வோம். சிவபுராணக் கதையில், வடக்கு நோக்கிச் சென்ற கணங்கள் முதலில் கண்ட யானைக்கே ஒற்றைக் கொம்புதான். (அது வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தது என்பது நம் வீட்டுத் திண்ணைகளில் சேர்ந்துகொண்ட பகுதி.) தலை வந்தபோதே கொம்பு ஒன்றுதான் என்றால், முன் கையில் ஏந்தியிருக்கும் ஒடிந்த கொம்பு யாருடையது? ஒரு பள்ளிச் சிறுமி இதைக் கேட்டு ஒருமுறை என்னைத் திணறவைத்திருக்கிறாள். கையில் இருக்கும் கொம்புக்கு விடை கயமுகாசுரன் கதையில் இருக்கிறது. எந்தப் படைக்கலத்தாலும் சாகாத வரம் பெற்ற அவன் மீது, படைக்கலம் அல்லாத தம் கொம்பையே ஒடித்து விநாயகர் எறிந்தார். வீழ்ந்தவன் பெருச்சாளியாக உருமாறிப் பாய, அதன் மீது ஏறி அமர்ந்து அதையே ஊர்தியாக்கிக்கொண்டார். யானைமுகம், கொம்பு, எலி ஆகிய மூன்றும் இந்த மரபில் ஒரே நூலில் கோத்தவை. எலி ஆணவத்தைக் குறிக்கிறது என்று சொல்ல விரும்பினாலும் இந்தக் கதையைச் சொன்ன பிறகு சொல்லுங்கள். அடக்கப்பட்ட பகைவன் சுமக்கிறான் என்ற செய்தி முன்னே இல்லாவிட்டால், ஆணவம் என்பது வெறும் சொல்லாகவே நிற்கும். வியாசர் சொல்லச் சொல்ல பாரதம் எழுதுவதற்காகக் கொம்பை ஒடித்தார் என்பதும் உண்டு. ஆனால் அந்தக் கதையில் எலிக்கு வேலையில்லை.

இதே கோயிலின் ஒரு தூணில் யானை முகமும், பெண் உடலும், புலிக்காலும் கொண்ட வியாக்ரபாத விநாயகி இருக்கிறாள். மனப்பாடம் செய்த கதையை அவள் முன் சொல்லிப் பாருங்கள், பாதியிலேயே நின்றுவிடும்.

ஆகவே நான் இப்போது செய்வது இதுதான். முதலில் சிலையின் அருகே நின்று, கையில் இருப்பதையும் காலடியில் இருப்பதையும் வாய்விட்டுச் சொல்கிறேன். பிறகு, வந்திருப்பவர்களிடம் "உங்கள் வீட்டில் எந்தக் கதை சொல்வார்கள்?" என்று கேட்கிறேன். அதன் பின்பே கதை, அதுவும் எந்த நூலின் கதை என்பதைச் சொல்லிவிட்டு.

காலடியில் இருப்பதெல்லாம் வாகனம் என்று நினைத்தல்

துர்க்கை எருமைத் தலை மீது நிற்பதைப் பார்த்து, எருமை அவளுடைய வாகனம் என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அது வெல்லப்பட்ட மகிடன். அவளுடைய வாகனம் இமவான் கொடுத்த சிங்கம். எருமை மீது ஏறி வருபவன் யமன். நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகனும் வாகனம் அல்லன். முருகனிடம் வரும்போது இந்தக் கோடு சற்று மங்கும். சூரன் இரு கூறாகி ஒன்று மயிலாகவும் மற்றொன்று சேவலாகவும் ஆனபோது, மயில் வாகனமாயிற்று, சேவல் கொடியாயிற்று. வெல்லப்பட்டவனே இரண்டு இடங்களில் அமர்ந்துவிட்டான். சேவலை வாகனம் என்று சொல்வது அந்தக் கதையின் பாதியைத் தொலைப்பதாகும்.

திருவிழா வாகனங்களை இதோடு கலக்கக்கூடாது. சித்திரைத் திருவிழாவில் சுவாமியும் அம்மனும் பூதம், அன்னம், காமதேனு, குதிரை, யாளி என்று நாளுக்கு ஒன்றில் எழுந்தருள்வார்கள். அதனால் அவை சிவனுடைய ஊர்திகளாகிவிடா, அவருக்கு உரியது இடபமே. கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திருமாலின் வாகனம் குதிரை என்று எழுதியவர்களும் உண்டு. அதே அழகர் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு அருளும்போது கருடன் மீது வருகிறார்.

மீனாட்சியின் கிளி

அது கையில் இருக்கிறது. வாகனம் அன்று.

வலம், இடம்

சிலையின் வலப்பக்கமே வலம். பார்ப்பவரின் வலம் அன்று. வலம்புரி விநாயகரை இடம்புரி என்று அறிமுகப்படுத்தாமல் இருக்க இது போதும்.

முக்குறுணி

இது ஊரின் பெயரும் அன்று, மூன்று கொழுக்கட்டை என்பதும் அன்று. ஒரு குறுணிக்கு 6 படி என்ற கணக்கில், விநாயகர் சதுர்த்தியன்று 18 படி அரிசியை மாவாக்கி ஒரே கொழுக்கட்டையாகப் படைப்பதால் வந்த பெயர்.