குரல் பதிவை அறிக்கையாக்குதல்: பேசியவர் சொல்லாத எதையும் சேர்க்காமல் எழுதும் முறை

பேச்சில் உள்ள இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் நீக்குவது எளிது. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றும்போது, நமக்கே தெரியாமல் புதிய செய்தி நுழைந்துவிடாமல் காப்பதுதான் கடினம். பம்பு அறை மேற்பார்வையாளர் ஒருவர் 13-ஆம் தேதி அனுப்பியதாக ஒரு மாதிரிப் பதிவை வைத்துக்கொண்டு, அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள்

முதல் பிரதியில் எதையும் திருத்த வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அது பதிவில் வரும் நிமிடம், நொடியைக் குறியுங்கள். புரியாத இடத்தில் ஊகித்து எழுதாமல், "தெளிவாகக் கேட்கவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

> 0:04 அந்த ரெண்டாவது பம்ப் இருக்குல்ல, அது நேத்து காலைல பத்து மணிக்கு, இல்ல இல்ல, பத்தரைக்கு நின்னு போச்சு.
> 0:13 அப்புறம் ஏதோ கருகின வாசனை வந்துச்சு.
> 0:17 காயில் போயிருக்கும்னு நினைக்கிறேன்.
> 0:21 எலக்ட்ரிக்கல்லேருந்து வந்து பாத்தாங்க. பேரிங்கையும் மாத்தணும்னு சொன்னாங்க.
> 0:29 இப்போதைக்கு ஒண்ணாவது பம்பை ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

படி 2: நீக்கக்கூடியதை மட்டும் நீக்குங்கள்

"இருக்குல்ல" போன்ற சொற்களை நீக்கலாம். "பத்து மணிக்கு, இல்ல இல்ல, பத்தரைக்கு" என்பதில் பேசியவரே தம்மைத் திருத்திக்கொண்டதால், 10.30 மட்டும் போதும். ஆனால் அவர் "பத்தோ பத்தரையோ" என்று சொல்லியிருந்தால் அது திருத்தம் அன்று, ஐயம். அப்போது இரண்டு நேரங்களும் அறிக்கையில் இருக்க வேண்டும். "நேத்து" என்பதைத் தேதியாக மாற்றுவதற்கு முன், அவர் பேசிய நாளை உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்களுக்கு வந்த பதிவு வேறொருவர் வழியாக மறுநாள் அனுப்பப்பட்டதாகவும் இருக்கலாம்.

படி 3: வினைமுற்றுகளிலும் இணைப்புச் சொற்களிலும் நிதானியுங்கள்

இதே பதிவிலிருந்து அவசரமாக எழுதினால், பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

> இரண்டாம் பம்பு காயில் கருகியதால் நிறுத்தப்பட்டது. மின்பணியாளர்கள் ஆய்வு செய்து, பேரிங்கை மாற்றப் பரிந்துரைத்தனர். நீர் வழங்கலில் பாதிப்பு இல்லை.

படிக்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் பேசியவர் சொல்லாதவை இதில் பல. அவர் "அப்புறம்" என்று நிகழ்ந்த வரிசையைத்தான் சொன்னார்; "கருகியதால்" என்னும் சொல் அதைக் காரணமாக்கிவிட்டது. "நினைக்கிறேன்" என்ற ஐயம் மறைந்து, ஊகம் உண்மையாகிவிட்டது. பம்பு நின்றுபோனது என்றுதான் சொன்னார். "நிறுத்தப்பட்டது" என்றால் யாரோ நிறுத்தியதாகப் பொருள்படும். நீர் வழங்கலைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இவற்றைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது "பாத்தாங்க" என்னும் சொல். பேச்சில் அது மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். எழுத்துத் தமிழிலோ "பார்த்தார்", "பார்த்தனர்" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எதைத் தேர்ந்தாலும், வந்தவர் எத்தனை பேர் என்பதை நாமே முடிவு செய்தவர்களாகிறோம். பேசியவரிடம் கேட்பதே சிறந்த வழி. கேட்க முடியாவிட்டால், பிரிவையே எழுவாயாக்கி "மின்பிரிவு பார்த்தது" என்று எழுதினால் எண்ணிக்கை வெளிப்படாது.

அதேபோல், "பேரிங்கையும்" என்பதில் உள்ள "உம்" வேறொன்றையும் மாற்ற வேண்டியிருப்பதைக் குறிப்பாகச் சொல்கிறது. அதை விட்டுவிடவும் கூடாது, அந்த வேறொன்று காயில்தான் என்று விரித்துவிடவும் கூடாது.

படி 4: அறிக்கையை எழுதுங்கள்

> இரண்டாவது பம்பு 12-ஆம் தேதி காலை 10.30 மணிக்கு நின்றுவிட்டது. அதன் பின்னர் கருகிய வாசனை வந்தது. காயில் பழுதாகியிருக்கும் என்று நினைக்கிறேன். மின்பிரிவு பம்பைப் பார்த்தது; பேரிங்கையும் மாற்ற வேண்டும் என்று அப்பிரிவு தெரிவித்தது. தற்போதைக்கு முதலாவது பம்பை இயக்கி வருகிறோம்.

"போயிருக்கும்" என்பதைப் "பழுதாகியிருக்கலாம்" என்று மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். "கும்", "லாம்" ஆகிய இரண்டும் உறுதியின் வெவ்வேறு அளவுகள்.

அலுவலகப் படிவத்தில் "பழுதுக்கான காரணம்", "நீர் வழங்கலில் பாதிப்பு" போன்ற தலைப்புகள் இருந்தால், காலியிடத்தை நிரப்பத்தான் கை போகும். முதல் தலைப்பின்கீழ், பேசியவரின் கருத்து என்ற குறிப்போடு காயிலைப் பற்றி எழுதலாம். இரண்டாவதில் "பதிவில் குறிப்பிடப்படவில்லை" என்றே எழுதுங்கள்.

படி 5: இரு திசையிலும் சரிபாருங்கள்

முதலில் அறிக்கையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரக்குறிப்பைத் தேடுங்கள். குறிப்பு கிடைக்காத வாக்கியம் நீங்கள் சேர்த்தது, ஆகவே நீக்குங்கள். பிறகு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பதிவை மீண்டும் கேட்டு, விடுபட்டதைக் கண்டுபிடியுங்கள். எண்களைப் பிரதியில் பார்க்காமல் ஒலியிலேயே ஒப்பிடுங்கள். இறுதியாக, வந்தவர் எத்தனை பேர், பேரிங்கோடு வேறு எதை மாற்ற வேண்டும் என்னும் இரு கேள்விகளைத் தனியே எழுதி அறிக்கையோடு பேசியவருக்கு அனுப்புங்கள். அவர் தரும் விடையை, அது வந்த தேதியைக் குறிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.