அவிச்ச முட்டைய உடையாம வட்ட வட்டமா வெட்ட

சாலட்ல முட்டை வட்டமா, நடுவுல மஞ்சள் அப்படியே உக்காந்திருக்கணும்னு ஆசை, ஆனா ஒவ்வொரு தடவையும் மஞ்சக்கரு கத்தியில ஒட்டிக்கிட்டு, இழுக்கும்போது பொலபொலன்னு உதிர்ந்து வெள்ளையெல்லாம் பூசிரும். கத்தி மொக்கையா இருக்குன்னு நெனச்சு சாணை புடிச்சும் பெருசா மாறல.

விஷயம் ஒட்டுறதுதான். வெந்த மஞ்சக்கரு மாவு மாதிரி, காஞ்ச கத்தியில அப்பிக்கும், அடுத்த வெட்டுல அந்தப் பிசிறே மிச்சத்தையும் பிச்சுக்கிட்டு வரும். இப்ப ஒரு டம்ளர்ல வெந்நீர் வெச்சுக்கிட்டு, மெல்லிசான கத்திய முக்கி, சொட்டுற தண்ணிய மட்டும் உதறிட்டு ஒரே இழுப்புல வெட்டுறேன், மேலேர்ந்து அமுக்கவே கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் துடைச்சு மறுபடி முக்கணும், இத சோம்பேறித்தனமா விட்டா மூணாவது துண்டுலயே தெரிஞ்சிரும்.

ரொம்ப மெல்லிசா வேணும்னா நூல்தான் பெஸ்ட். சாயம் போடாத சுத்தமான தையல் நூல நனைச்சு, முட்டைய ஒரு சுத்து சுத்தி, முனை ரெண்டையும் குறுக்க மாத்திப் புடிச்சு இழுத்தா, சுத்தியும் ஒரே நேரத்துல அறுத்துக்கிட்டு உள்ள போயிரும், ஒட்ட இடமே கெடையாது. பல்லு இடுக்க சுத்தம் பண்ற புதினா வாசனை நூல் வேணாம், முட்டையும் மணக்கும்!

முட்டை நல்லா ஆறி, ஃபிரிட்ஜ்ல கொஞ்ச நேரம் இருந்திருக்கணும். சூடா வெட்டுனா வெள்ளையே கிழியும். ரொம்ப நேரம் வெந்து மஞ்சளச் சுத்தி பச்சை வளையம் விழுந்துட்டா, அது வறண்டு போனது, நூலுக்கும் உதிரத்தான் செய்யும், அத மசிச்சு சாண்ட்விச்சுக்கு வெச்சுக்கங்க.