அலெக்சாண்டருக்குப் பின் மேற்காசியா: வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

கி.மு. 334இல் ஆசியாவுக்குள் நுழைந்த அலெக்சாண்டர், கி.மு. 323 ஜூனில் பாபிலோனில் இறந்தார். அப்போது அவருக்கு 33 வயதுகூட நிறையவில்லை. இந்தப் பதினோரு ஆண்டுகளின் பெரும்பகுதி படையெடுப்பிலேயே போய்விட்டது. ஆனாலும் மேற்காசியாவில் கிரேக்க மொழியும் நாடக அரங்கும் நாணயமும் பரவியதை எல்லாம் அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். முதலில் தவிர்க்க வேண்டியது இதைத்தான். அவர் செய்தது பாரசீகப் பேரரசின் கதவை உடைத்தது. உள்ளே போய்க் குடியேறியவர்கள் அவருடைய தளபதிகளும், அவர்கள் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும்.

கி.மு. 324இல் சூசா நகரில் நடந்த கூட்டுத் திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 80 தளபதிகளுக்கு அலெக்சாண்டர் ஈரானிய உயர்குடிப் பெண்களை மணமுடித்து வைத்தார். 'இரண்டு இனங்களை ஒன்றாக்கும் கனவு' என்று இதைக் காட்டுபவர்கள், அடுத்து என்ன நடந்தது என்பதைப் பார்ப்பதில்லை. மன்னர் இறந்த சில ஆண்டுகளுக்குள் தளபதி கிராட்டெரஸ் தன் பாரசீக மனைவி அமஸ்த்ரிஸை விட்டு விலகி, மாசிடோனியப் பெண்ணை மணந்துகொண்டார். இன்னொரு தளபதியான செலூக்கஸ் அப்படிச் செய்யவில்லை. மத்திய ஆசியாவின் சோக்தியானாவைச் சேர்ந்த அபாமாவோடு வாழ்ந்தார். அவர்களுடைய மகன் அந்தியோக்கஸ்தான் பிறகு சிரியாவிலிருந்து மத்திய ஆசியா வரை ஆண்டார். கலப்பு அரசுக்கு வழி போட்டது விழா அல்ல, நீடித்த அந்த ஒரு குடும்பம் என்பது என் கருத்து.

அடுத்த தவறு, கிரேக்கம் வந்ததும் உள்ளூர்ப் பண்பாடு அழிந்துபோனது என்று நினைப்பது. இதற்குப் பதில் சொல்ல ஒரு களிமண் உருளை போதும். பாபிலோனுக்குப் பக்கத்தில் உள்ள போர்சிப்பாவில், நபு தெய்வத்தின் எசிடா கோயிலில் கிடைத்தது அது. அதில் பேசுபவர் இதே அந்தியோக்கஸ். ஆனால் ஒரு வரிகூடக் கிரேக்கத்தில் இல்லை. எல்லாம் பாபிலோனியரின் பழைய அக்காடிய மொழி, களிமண்ணில் அழுத்தி எழுதும் ஆப்பெழுத்து. 'மாமன்னன், உலகின் மன்னன், பாபிலோனின் மன்னன், எசகிலா, எசிடா கோயில்களைப் பேணுபவன்' என்று பழைய பாபிலோனிய மன்னர் நெபுகத்நேசர் காலத்துப் பாணியிலேயே பட்டங்கள் வருகின்றன. கோயிலின் முதல் செங்கற்களைத் தானே தன் கையால், உயர்தர எண்ணெய் சேர்த்து சிரியாவில் வார்த்துக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார். தனக்கும், தன் மகனுக்கும், ராணி ஸ்ட்ராட்டோனிகேவுக்கும் நபுவிடம் வரம் கேட்கிறார். நடுவே தந்தை செலூக்கஸை 'மாசிடோனிய' மன்னர் என்று மறைக்காமல் குறிப்பிடுகிறார்.

சரி, அப்படியென்றால் அவர் பாபிலோனியராகவே மாறிவிட்டாரா? அந்த எதிர்முனைக்கும் போய்விட வேண்டாம். அதே மன்னர் அச்சடித்த நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். அப்போலோ உட்கார்ந்திருப்பார், எழுத்து கிரேக்கம். கோயில் பூசாரிகளிடம் ஒரு முகம், படையினரிடமும் கிரேக்க நகரங்களிடமும் இன்னொரு முகம். இரண்டுமே உண்மையான முகங்கள்தான். ஒன்றை மட்டும் சான்றாகக் காட்டி முடிவு கட்டும்போதுதான் வரலாறு கோணலாகிறது.

மக்கள் மட்டத்திலும் கலப்பு சீராக நடக்கவில்லை. பாபிலோனின் களிமண் குறிப்புகள், உடலில் எண்ணெய் பூசிக்கொள்ளும் கிரேக்கக் குடிமக்களைத் தனிச் சமூகமாகவே பேசுகின்றன. அவர்களுக்கு நகரத்தில் அரங்கம் இருந்தது. கோயில் அறிஞர்களோ பழையபடி வானத்தைப் பார்த்து ஆப்பெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த எழுத்து கி.பி. முதல் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. தெற்கே உருக் நகரில் ஆளுநராக இருந்த அனு-உபல்லித் என்பவருக்கு நிகார்கோஸ் என்ற கிரேக்கப் பெயரும் உண்டு. அந்தியோக்கஸ் என்னும் மன்னர் அதைத் தந்ததாக அவரே தன் பொறிப்பில் சொல்லிக்கொள்கிறார். ஆனால் அவர் கட்டியது கிரேக்கக் கோயில் அல்ல, உள்ளூர்த் தெய்வமான அனுவின் கோயில். இரட்டைப் பெயரைப் பார்த்தவுடன் ஊரே கிரேக்கமாகிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. அரண்மனையோடு தொடர்புள்ள மேல்மட்டத்தினரின் அடையாளம் அது.

கடைசியாக, ஆண்டுக் கணக்கு. செலூக்கஸின் ஆட்சியிலிருந்து எண்ணப்பட்ட செலூக்கிய சகாப்தம், மன்னர் மாறினாலும் புதிதாகத் தொடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் மாசிடோனியர் அதைக் கி.மு. 312 இலையுதிர் காலத்திலிருந்து எண்ணினார்கள், பாபிலோனியர் கி.மு. 311 வசந்தத்திலிருந்து. போர்சிப்பா உருளையில், எசிடாவுக்கு அடிக்கல் இட்ட நாள் 43ஆம் ஆண்டு, அத்தாரு மாதம் 20 என்று இருக்கிறது. பாபிலோனியக் கணக்கில் 43ஆம் ஆண்டு கி.மு. 269 வசந்தத்தில் தொடங்குகிறது. அவசரப்பட்டால் 269 என்றே எழுதிவிடுவோம். அத்தாரு அந்த ஆண்டின் கடைசி மாதம் என்பதால், அடிக்கல் இட்ட நாள் கி.மு. 268 மார்ச்சில் விழுகிறது. செலூக்கிய ஆண்டு எதைப் பார்த்தாலும், எந்த ஊர்க் கணக்கு, எந்த மாதம் என்று கேட்ட பிறகே கி.மு.வுக்கு மாற்றுங்கள்.